வடலூரில் இரண்டு வாசல்கள்: தமிழ்ச்செல்விக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தமிழ்ச்செல்விக்கு,

தைப்பூசத்துக்குக் கல்லூரித் தோழிகளோடு வடலூர் போய்வந்த பிறகு நீ அனுப்பிய கேள்வியைப் போனில் பேசித் தீர்க்க முடியாது என்று தோன்றியது. "வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடினேன் என்று பாடியவர் வள்ளலார். அவருடைய சத்திய ஞானசபையில் மட்டும் ஏன் சித்தப்பா, கொலையும் புலாலும் தவிர்த்தவர்கள்தான் உள்ளே வரலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்? அப்போ நானெல்லாம் வெளியாளா?" என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி.

முதலில் வருஷங்களைப் பார். வள்ளலார் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கியது 1867 மே 23-இல். ஞானசபையில் முதல் ஜோதி வழிபாடு நடந்தது 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்று. சோறு போடும் இடம் முதலில், ஒளியை வணங்கும் இடம் ஏறக்குறைய ஐந்து வருஷம் கழித்து. இந்த வரிசைக்கு அவரிடம் காரணம் இருந்தது.

அந்தக் காரணம் அவருடைய உரைநடையில் இருக்கிறது. 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' என்ற சிறிய நூலில் பசி வந்தால் உடம்பில் என்னென்ன நடக்கும் என்று ஒவ்வொரு உறுப்பாகச் சொல்லிக்கொண்டே போவார். கண் பஞ்சடைந்து குழிகிறது, காது கும்மென்று அடைக்கிறது, நாக்கு வறள்கிறது, பேச்சு குளறுகிறது, வயிறு பகீரென்று எரிகிறது. பசியைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காதவரால் இப்படி எழுத முடியாது. ஆனால் இந்தப் பட்டியலுக்கு முன்பே அவர் ஒன்று சொல்லிவிடுகிறார்: பசி மிகுந்தால் உயிரின் அறிவு மயங்குகிறது, அது மயங்கினால் உள்ளே இருக்கும் கடவுள் விளக்கம், அதாவது கடவுளின் ஒளி, மறைகிறது. சாப்பிட்டதும் அந்த விளக்கம் திரும்பி வந்து முகத்தில் தெரிகிறது.

இதை விட்டுவிட்டால் வள்ளலாரை, ஒரு பக்கம் அன்னதானம் செய்தவர், இன்னொரு பக்கம் ஜோதியை வணங்கியவர் என்று இரண்டாகப் பிரித்துப் படிப்போம். பாடப்புத்தகங்கள் அப்படித்தான் செய்கின்றன. அவருக்கு இரண்டும் ஒரே வேலை. நீ சபையில் பார்த்தாயே, கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, கலப்பு என்று ஏழு திரைகள், அவை ஒவ்வொன்றாக விலகியபின் தெரியும் ஜோதி. பசியும் ஒளியை மறைக்கிற ஒரு திரை என்றே நான் படிக்கிறேன். அதைச் சோறு விலக்குகிறது. ஜீவகாருண்யமே மோட்ச வீட்டின் திறவுகோல் என்று அவர் எழுதியதும் இந்தப் பொருளில்தான்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். தருமச்சாலையில் உன்னை யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். பசித்து வந்தவரிடம் எந்த ஊர், எந்தச் சமயம், என்ன சாதி, எப்படி நடந்துகொள்கிறவர் என்று எதையும் விசாரிக்கக் கூடாது என்பது அவர் வகுத்த முறை. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. சபைக்கு மட்டும்தான் நிபந்தனை. கொன்று தின்பவர்கள் 'புறவினத்தார்' என்றே பாடுகிறார். அவர்கள் சன்மார்க்கத்துக்கு வரும்வரை பசியை மட்டும் தீர், நட்புப் பாராட்டாதே என்கிறார். "இதுதான் நம் ஆணை" என்று இறைவனே தனக்குச் சொன்னதாகவும் பாடுகிறார்.

கடுமையான வரிதான். இதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்கு மனமில்லை. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு வைக்கும் நம் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறார். ஆனால் கவனி, அந்த எல்லைக்கோட்டை அவர் சாதியை வைத்தோ சமயத்தை வைத்தோ போடவில்லை. பிறப்பை யாரும் மாற்றிக்கொள்ள முடியாது, சாப்பாட்டை மாற்றிக்கொள்ளலாம். கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கும் சோறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எத்தனையோ கோயில் வாசல்கள் பிறப்பைப் பார்த்து மூடியிருந்தபோது இப்படி ஒரு வாசல் வைத்தது சின்ன விஷயமில்லை. அதே சமயம், நட்பையும் நிறுத்தச் சொல்வது எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஓர் உயிரைக் கொன்று இன்னோர் உயிரின் பசியைத் தீர்ப்பது ஜீவகாருண்யமே ஆகாது என்று உறுதியாக நம்பியவர், தன் வழிபாட்டு இடத்திலாவது அந்த நம்பிக்கையைத் தளர்த்த மறுத்தார் என்றுதான் புரிந்துகொள்கிறேன்.

அப்புறம், "செடிக்கும் உயிர் இருக்கிறதே" என்று உன் தோழி கேட்டதாக எழுதியிருந்தாய். அந்தக் கேள்வியை அவரே அந்த நூலில் எழுப்பிப் பதிலும் சொல்கிறார். தாவரத்தின் விதை, காய், கனி, இலை ஆகியவற்றை எடுப்பது நம் நகத்தையும் முடியையும் எடுப்பது போன்றது, அதனால் செடிக்குத் துன்பம் உண்டாவதில்லை என்பது அவர் வாதம். இன்றைய தாவரவியல் படிக்கிற உன் தோழிக்கு அது போதுமா தெரியாது. வேரோடு பிடுங்கும் கிழங்கை என்ன செய்வது என்று அவள் கேட்கலாம், கேட்கட்டும். நூலை அவளிடமே கொடுத்துப் படிக்கச் சொல். படித்துவிட்டு அவள் எந்த இடத்தில் மறுக்கிறாள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
சித்தப்பா