படம் மறைத்ததைக் கேப்ஷன் சொல்லிவிடுகிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்யாணப் படங்களை இணையத்தில் பகிர்வது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, எந்தப் படத்தைப் போடலாம், எதைத் தவிர்க்கலாம் என்பதோடு நின்றுவிட்டது. படத்தின் கீழ் எழுதும் கேப்ஷனைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. எங்கள் வீட்டில் சிக்கல் அங்கேதான் வந்தது.

என் அக்கா மகளுக்கு வைகாசியில் சேலத்தில் கல்யாணம். பெண்ணின் முகம் ஊரெல்லாம் பார்க்கும் பக்கத்தில் வர வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் கேட்டுக்கொண்டார்கள். பெண்ணுக்கும் அதுதான் விருப்பம். அம்மி மிதித்த காலில் மாப்பிள்ளை மெட்டி போடும் படம் ஒன்றை எல்லோருமாகத் தேர்ந்தெடுத்தோம். கால் விரலும், பட்டுச் சேலையின் கரையும், மாப்பிள்ளையின் கையும் மட்டும்தான் அதில் தெரியும். ஸ்டுடியோக்காரர்களும் சொன்னபடி அந்தப் படத்தையே தங்கள் இன்ஸ்டாகிராமில் போட்டார்கள்.

ஆனால் கீழே பெண், மாப்பிள்ளை இருவரின் முழுப்பெயர், மாப்பிள்ளையின் கம்பெனி, மண்டபம் இருக்கும் தெரு, அப்புறம் ‘நாளை முதல் ஒரு வாரம் ஏற்காட்டில் புதுமண ஜோடி’ என்று ஒரு வரி. இருவரின் கணக்கையும் டேக் செய்திருந்தார்கள். டேக்கைத் தட்டினால் பெண்ணின் பக்கம் திறக்கும். அவள் கணக்கைப் பூட்டித்தான் வைத்திருக்கிறாள், இருந்தாலும் வட்டத்துக்குள் இருக்கும் முகப்புப் படம் யாருக்கும் தெரியும். எந்த முகத்தை மறைக்கப் பார்த்தோமோ அது ஒரு தட்டில் வந்துவிட்டது. எந்த வாரம் வீடு பூட்டியிருக்கும் என்பதும் ஊருக்குத் தெரிந்துவிட்டது.

பேசியவுடன் டேக்கை எடுத்துவிட்டு, நாங்கள் எழுதிக் கொடுத்ததைப் போட்டார்கள்: ‘அம்மி மிதித்து, மெட்டி அணிந்து. சேலத்தில் ஒரு வைகாசிக் கல்யாணம்.’ இதில் ஊர் உண்டு, மாதம் உண்டு, சடங்கு உண்டு. ஆளைத் தேடிப் போக வழி இல்லை. ஸ்டுடியோவின் வேலைத்திறனைக் காட்டவும் இது போதும்.

அதற்குப் பிறகு உறவுக்காரர்கள் பகிர்ந்த படங்களுக்கும் நாங்களே எழுதிக் கொடுத்தோம். படத்தில் கண்ணுக்குத் தெரியும் பொருளையோ சடங்கையோ பற்றி எழுதினால் வரி தானாக அமைந்துவிடுகிறது. மருதாணிக் கைக்கு ‘இரவெல்லாம் காத்திருந்து சிவந்த கைகள்’ என்று எழுதினோம். பின்னாலிருந்து எடுத்த பூ ஜடைக்கு ‘தாழம்பூவும் மல்லியும், சித்தி கைவண்ணம்’. அரசாணிக்காலுக்கு ‘பந்தக்கால் நட்டாச்சு, எங்கள் வீட்டில் கல்யாணக் களை’. அப்பா தாரை வார்க்கும் கைகளுக்கு ‘அப்பாவின் கையிலிருந்து’ என்ற இரண்டு சொல் போதுமாக இருந்தது. பெண்ணின் நிறம், உடம்பு, அழகு பற்றிய சொற்களை எங்குமே எழுதவில்லை. நாமே அப்படி ஒரு வரி எழுதினால், கீழே வரும் கமெண்டுகளும் அதே பேச்சைத்தான் தொடரும். அதைப் படித்துச் சங்கடப்படுவது பெண்ணும் அவள் மாமியாரும்தான். இத்தனை பவுன், இன்ன சீர் என்று எழுதுவதும் வேண்டாம் என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நலங்குப் படங்கள் பெண்கள் குழுவைத் தாண்டவே இல்லை, அவற்றுக்குக் கேப்ஷனும் தேவைப்படவில்லை.

ஏற்காடு படங்கள் அவர்கள் வீடு திரும்பிய பிறகுதான் வெளியே வந்தன. ஏரிக்கரையில் இரண்டு நிழல்கள் மட்டும் விழுந்த படத்துக்கு ‘மலைக் குளிரில் போய் வந்தோம்’ என்று பெண்ணே எழுதினாள். ‘வந்தோம்’ என்று முடிந்த பயணமாகச் சொல்வதுதான் அதில் பாதுகாப்பு. அங்கே தங்கிய விடுதியின் பெயரை எழுதவில்லை, லொக்கேஷனும் வைக்கவில்லை.

கோட்டைப் பகுதியில் இருக்கும் என் தோழி வீட்டு நிக்காஹ்வில் இதைவிடத் தெளிவாகச் செய்தார்கள். பூமாலையும் மஹரும் வைத்த தட்டின் படம் மட்டும் போட்டு, ‘நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது, துஆ செய்யுங்கள். மணமகள் படம் பகிரவில்லை, யாரும் பகிர வேண்டாம்’ என்று எழுதியிருந்தார்கள். நேராகச் சொன்னதால் யாருக்கும் மனவருத்தம் இல்லை.

வாட்ஸ்அப்பில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். படத்தை ஒருவர் அடுத்தவருக்கு அனுப்பும்போது கேப்ஷனும் கூடவே போகும், அவராக நீக்கினால்தான் உண்டு. அதனால் ‘குடும்பத்துக்கு மட்டும், வெளியே அனுப்ப வேண்டாம்’ என்பதை அந்தக் கேப்ஷனிலேயே எழுதிவிடுங்கள். குழுவில் தனியாகச் சொன்னால் அது குழுவிலேயே தங்கிவிடும், படம் மட்டும் போய்க்கொண்டிருக்கும்.

ஸ்டுடியோவுக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போதே, எந்தப் படம் என்பதோடு கேப்ஷன், டேக், லொக்கேஷன் மூன்றையும் முன்கூட்டி அனுப்பி, வீட்டாரின் சம்மதம் வாங்கிய பிறகே போட வேண்டும் என்று பில்லில் எழுதி வாங்கலாம். ஆவணியில் நடக்கவிருக்கும் அடுத்த கல்யாணத்துக்கு நாங்கள் அப்படித்தான் எழுதி வாங்கியிருக்கிறோம். அவர்கள் மறுப்பேதும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்