அஞ்சு கொட்டை கேட்ட டீச்சருக்கு

அன்புள்ள டீச்சர்,

நீங்கள் அங்கன்வாடியை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஒரு வருஷம். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கப்போவதில்லை. கொழிஞ்சாம்பாறைக் கடைத்தெருவில் உங்களைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் வந்து சொல்லிவிடுகிறார்கள். நான் சொல்ல வந்தது வேறு. என் சாயங்கால வகுப்பில் நாலு வயசுப் பிள்ளைகளுக்கு இனி எண் எழுதும் நோட்டு கிடையாது. காரணத்தையும் சேர்த்து ஒரு தாளில் எழுதித் திண்ணைச் சுவரில் ஒட்டிவிட்டேன். படித்துவிட்டு இரண்டு அம்மாக்கள் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள்.

நீங்கள் இருந்தபோது அந்த நோட்டை வைத்து நடந்த தாய்மார் கூட்டத்தைப் பற்றி இங்கே விவரமாக எழுத முடியாது. இதை ஊரில் நாலு பேர் படிப்பார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று மறுபடி கிளம்பும். ஒரு பிள்ளை ஒன்று முதல் ஐம்பது வரை எழுதிய நோட்டைத் தூக்கிக் காட்டி, எழுதத்தான் வேண்டும் என்று பேசியது யார் என்று உங்களுக்குத் தெரியும். அதோடு விடுகிறேன்.

அந்த நோட்டு எப்படி நிறைந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். அதை எழுதிய சின்னப் பெண், பத்திலிருந்து பத்தொன்பது வரை எழுதச் சொன்னால் முதலில் 1 என்பதை மேலிருந்து கீழாகப் பத்து முறை போடுவாள். பிறகு மறுபடி மேலே போய், அதற்குப் பக்கத்தில் 0, 1, 2 என்று 9 வரை இறங்கி வருவாள். அடுத்த வரிசைக்குப் பத்து 2, பக்கத்தில் மறுபடி 0 முதல் 9. பார்க்கிறவர்களுக்கு வரிசையான எண்கள் தெரியும். எழுதுகிற பிள்ளையின் மனசில் பதினாலு என்ற ஓர் எண் ஒரு தடவைகூட வந்துபோயிருக்காது. கோலத்தில் புள்ளி வைக்கிற மாதிரி வைத்துக்கொண்டே போயிருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பார்த்தால்தான் இது தெரியும், முடிந்த பக்கத்தைப் பார்த்தால் தெரியாது. நான் முடிந்த பக்கத்துக்குத்தான் 'சரி' போட்டேன்.

நீங்கள் தட்டை எடுத்து வைத்தது அதற்கு அடுத்த வாரம். வெளியே பனைமரமெல்லாம் காற்றில் சடசடவென்று அடித்துக்கொண்டிருந்தது. தட்டில் பதினைந்து புளியங்கொட்டை, பக்கத்தில் ஒரு சிரட்டை, ஒரு மரக்கோழி. அந்தப் பெண்ணுக்கு அப்போது நாலு வயசும் மூன்று மாதமும். "கோழிக்குப் பசிக்குது கண்ணு. அஞ்சு கொட்டை குடு" என்றீர்கள். அவள் ஒரு கை அள்ளிச் சிரட்டையில் போட்டாள். எண்ணச் சொன்னீர்கள். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பிசகில்லாமல் பதினொண்ணு வரை எண்ணினாள். "மொத்தம் எத்தனை?" "பதினொண்ணு." "கோழி அஞ்சுதானே கேட்டுச்சு?" அவள் உங்களைப் பார்த்தாள், சிரட்டையைப் பார்த்தாள், இன்னும் இரண்டு கொட்டையை எடுத்து உள்ளே போட்டாள்.

நீங்கள் திருத்தவில்லை. "கோழிக்கு ரெண்டு" என்றீர்கள். எண்ணாமலே இரண்டு எடுத்துக் கொடுத்தாள். "மூணு." சரியாக மூன்று. "நாலு." ஒரு கை அள்ளினாள், ஏழு வந்தது. ஒவ்வோர் எண்ணையும் முன்னும் பின்னும் மாற்றி மூன்று தடவை கேட்டீர்கள். மூணு கேட்டபோதெல்லாம் மூன்று வந்தது. நாலும் அஞ்சும் கேட்டபோது என்னென்னவோ வந்தது, மூன்று மட்டும் வரவில்லை. சுவர்க் காலண்டரில் அவள் பெயருக்கு நேரே 3 என்று எழுதிவிட்டு உப்புமாவை இறக்கப் போய்விட்டீர்கள். ஐம்பது வரை எழுதுகிற பிள்ளைக்கு மூன்றா என்று எனக்குக் கோபம் வந்தது.

இந்த மாதிரிக் 'குடு' சோதனையை வைத்து கேரன் வின் என்ற ஆய்வாளர் 1990-ல் எழுதியதைப் பின்னால்தான் படித்தேன். ஒப்பிப்பதும் தொட்டு எண்ணுவதும் வந்த பிறகும், கடைசியாகச் சொன்ன எண்தான் அந்தக் கூட்டம் முழுவதின் அளவு என்பது பிள்ளைக்குத் தெரியாமல் இருக்கலாம். "எத்தனை?" என்று கேட்டால் கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொன்னால் பெரியவர்கள் சிரிக்கிறார்கள் என்பதை மட்டும் அது பிடித்து வைத்திருக்கும். அதனால் "எத்தனை" என்ற கேள்வி நம்மை ஏமாற்றும். "இத்தனை குடு" என்பது ஏமாற்றாது. பிள்ளைகள் முதலில் ஒன்றின் பொருளைப் பிடிக்கிறார்கள். பல வாரமோ மாதமோ கழித்து இரண்டு, அப்புறம் மூன்று, சிலர் நான்கு. அதன் பிறகு ஐந்துக்கும் ஆறுக்கும் தனித்தனியாகக் காத்திருக்க வேண்டியதில்லை, எண்ணுவது எதற்கென்று பிடிபட்டதும் எண்ணத் தெரிந்த அளவுக்குக் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் மூன்றரை, நாலு வயசுவாக்கில் இது நடக்கும். முன்னே பின்னே ஆகிற பிள்ளைகளும் நிறைய.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதே தட்டை அந்தக் கூட்டத்தில் நடுவில் வைத்து, எந்த அம்மாவாவது தன் பிள்ளையிடம் அஞ்சு கொட்டை கேட்டுப் பார்க்கட்டும் என்று சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். நீங்கள் சிரித்துக்கொண்டே இருந்தீர்கள். "நோட்டும் எழுதட்டும், அதுக்கென்ன" என்றீர்கள். நான் பேசியது தப்பு, மன்னியுங்கள். ஆனால் நீங்கள் பேசாமல் இருந்ததை எந்தக் கணக்கில் எழுதுவது?

போகட்டும். தட்டை நான் எப்படி வைக்கிறேன் என்று சொல்கிறேன், பிசகு இருந்தால் நீங்களே சொல்லுங்கள்.

சோதிப்பது மாதத்துக்கு ஒரு தடவைதான். மற்ற நாளில் பிள்ளையை எண்ணச் சொல்வதில்லை, நாங்கள்தான் சொல்கிறோம். முதலில் அளவு, பிறகு எண்ணிக்கை, மறுபடி அளவு: "இங்க மூணு கொட்டை இருக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணு கொட்டை." அதே மூன்று செருப்பிலும், முறுக்கிலும், ஜன்னல் கம்பியிலும் வர வேண்டும். ஒரே பொருளில் சொல்லிக்கொண்டிருந்தால் மூணு என்பதே புளியங்கொட்டைக்கு ஒரு பெயர் என்று நினைத்துக்கொள்ளும் போலிருக்கிறது. காலண்டரில் எந்த எண் இருக்கிறதோ அதற்கு அடுத்த எண்ணைத்தான் அதிகம் பேசுகிறோம். மூன்று தெரிந்த பிள்ளையிடம் இருபதைப் பேசிப் பயனில்லை.

எண்ணும்போது கொட்டை இடம் மாற வேண்டும். தட்டிலிருந்து சிரட்டைக்கு ஒவ்வொன்றாகப் போனால் எது எண்ணியது, எது மிச்சம் என்று தானே தெரியும். தரையில் சிதறிக் கிடப்பதை விரலால் தொட்டு எண்ணச் சொன்னால் ஒன்றை இரண்டு தடவை தொடும், ஒன்றை விட்டுவிடும். அது கவனம் சிதறியதால் வரும் பிழை. அளவு தெரியாத பிழையோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இன்னொரு பிழை பத்துக்கு மேல் வரும். ஒண்ணு முதல் பத்து வரை, ஒம்பதைத் தவிர, எல்லாமே வாயில் இரண்டு தட்டில் அடங்குகிற சொற்கள். 'பதினொண்ணு' வந்ததும் 'பதி'க்கு ஒரு கொட்டை, 'னொண்ணு'க்கு ஒரு கொட்டை என்று கை ஓடிவிடும். அப்போது பத்துக்குள் நிறுத்திக்கொள்கிறேன். 'இருபத்தொம்பது'க்கு அப்புறம் 'இருபத்திபத்து' என்று சொல்கிற பிள்ளையை நான் முன்பு அதட்டியிருக்கிறேன். யாரும் சொல்லித்தராத சொல்லைத் தானே கட்டியிருக்கிறது என்றால் அடுக்கின் விதி பிடிபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

பல்லாங்குழியை முழுதாக வைப்பதில்லை. பதினாலு குழி நாலு வயசுக்கு அதிகம். பக்கத்துக்கு இரண்டாக நாலு குழி, குழிக்கு மூன்று கொட்டை. அள்ளிக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டு போகும்போது ஒரு குழியைத் தாண்டினாலோ இரண்டாக விழுந்தாலோ எதிரில் இருக்கிற பிள்ளை கத்திவிடும். நாங்கள் வாய் திறக்க வேண்டியதில்லை. மூன்று வயசுக்குக் கீழே உள்ள தம்பி தங்கைகள் வந்தால் கொட்டை மேலே போய்விடும், வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளும். ஒரு பாட்டி ஆசையாக ஒரு டப்பா குன்றிமணி கொண்டுவந்தார். மஞ்சாடி என்று நினைத்துவிட்டார். முழுச் சிவப்பு மஞ்சாடி, கறுப்புப் பொட்டு வைத்தது குன்றிமணி. குன்றிமணியைக் கடித்தால் விஷம். அதை அவரிடமே திருப்பிக் கொடுக்க எனக்குத்தான் சங்கடமாக இருந்தது.

நீங்கள் போன பிறகு கண்டது ஒன்று உண்டு, மொழி. இங்கே வீட்டில் தமிழ், அங்கன்வாடியில் மலையாளம், அடுத்த வருஷம் எல்கேஜியில் இங்கிலீஷ். 'ஒண்ணு, ரண்டு, மூந்நு, நாலு' என்று இரண்டும் கலந்து எண்ணுவதைப் பார்த்துப் பெற்றவர்கள் பதறுகிறார்கள். வரிசை மாறாதவரை அதில் எனக்குக் கவலையில்லை. கவலை வேறு இடத்தில். தமிழில் மூணு கேட்டால் சரியாகக் கொடுக்கிற பையன், 'த்ரீ' என்றால் கை நிறைய அள்ளுகிறான். சின்ன எண்களின் பொருளை ஒவ்வொரு மொழியிலும் தனியாகத்தான் பிடிக்கிறார்கள். எண்ணுவதன் சூட்சுமம் ஒரு மொழியில் பிடிபட்டுவிட்டால் மற்ற மொழிக்கு அது கூடவே போகிறது, அங்கே சொற்களும் அவற்றின் வரிசையும் தெரிந்தால் போதும். ஆகவே தட்டை வைக்கும்போது ஒரு மொழி முடிந்து மறுநாள்தான் அடுத்தது. இங்கிலீஷில் மட்டும் கேட்டுவிட்டு 'உங்க பையனுக்கு ஒண்ணுமே தெரியலே' என்று ஒரு இடத்தில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எந்த இடம் என்று இங்கே சொல்ல மாட்டேன்.

அந்தப் பெண்ணின் மிச்சக் கதை உங்களுக்குத் தெரியாது. நீங்கள் போன பிறகு நடந்தது. அஞ்சு கேட்டேன். அள்ளினாள், ஆறு வந்தது. நான் எதுவும் சொல்லாமல் முகத்தையும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். புருவம் அசைந்தாலே மாற்றிவிடுவார்கள் அல்லவா. அவளாக எண்ணினாள். ஆறில் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கொட்டையை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, சிரட்டையைக் கோழிக்கு முன்னால் தள்ளினாள். எட்டு கேட்டேன், ஒவ்வொன்றாகப் போட்டு எட்டில் நிறுத்தினாள். காலண்டரில் உங்கள் 3 அப்படியே இருந்தது. அதை அடிக்க மனசில்லை, பக்கத்தில் ஒரு கோடு மட்டும் போட்டேன். அவள் அம்மாவிடம் சொன்னபோது, "நோட்டு எவ்வளவு எழுதியிருக்கா?" என்று கேட்டார்.

இப்போது ஒரு பையன் வருகிறான். தமிழில் நாலு, மலையாளத்தில் இரண்டு, அதில் இரண்டரை மாதமாக நிற்கிறான். அங்கன்வாடிக்கு வந்திருக்கும் புது டீச்சர் மலையாளத்தில் பேசுங்கள் என்கிறார். நான் தமிழிலேயே ஐந்தைத் தாண்ட வைக்கலாம் என்று நினைக்கிறேன். வியாழக்கிழமை நாலரை மணிக்கு அவன் இருப்பான். மரக்கோழி உங்கள் வீட்டில்தான் இருக்கிறது, வரும்போது எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
திண்ணை வகுப்பிலிருந்து.