பொடி எழுத்து காப்பாற்றாது

ஆசிரியர் அவர்களுக்கு,

மிகை விளம்பரங்கள் குறித்த தங்கள் தலையங்கம் கண்டேன். 'பலன் ஆளுக்கு ஆள் மாறுபடும்' என்று அடியில் பொடி எழுத்தில் ஓட்டிவிட்டால் எதையும் வாக்களிக்கலாம் என்ற எண்ணம் தவறானது. 2022-இல் வெளியான மத்திய அரசின் வழிகாட்டுதல்களின்படி, அத்தகைய குறிப்பு முதன்மைக் கூற்றை விளக்கலாமே தவிர, அதற்கு முரண்படக் கூடாது. சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய வைத்தியங்கள் விளம்பரத் தடைச் சட்டமே தடுக்கிறது.

உள்ளூர் கேபிள் தொலைக்காட்சிக்கு உரை எழுதும் எனக்கு அண்மையில் வந்த சத்துமாவு விளம்பரக் குறிப்பில், 'மூன்றே மாதத்தில் சர்க்கரை நீங்கும், முகவரானால் மாதம் ரூ.50,000 உறுதி' என்றிருந்தது (ஈமு கோழியை நம்பிப் பணம் இழந்த மாவட்டத்திலேயே!). மாவிலுள்ள தானியங்களையும் முகவருக்கான கழிவு விகிதத்தையும் மட்டும் எழுதிக் கொடுத்தேன். நோய், வருமானம் பற்றிய ஒவ்வொரு கூற்றுக்கும் விளம்பரதாரரிடம் எழுத்துப்பூர்வ ஆதாரம் பெற்ற பின்பே ஒளிபரப்புவது என்று கேபிள் நிறுவனங்கள் முடிவெடுக்கலாம்.

- ஒரு வாசகர், ஈரோடு