தலைப்புக்கு முன் கேள்வியைக் கேளுங்கள்: ஆய்வேட்டுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். நீங்கள் ஒப்புதல் அளித்த தலைப்போடு முதுநிலை மாணவி ஒருவர் அண்மையில் நூலகத்துக்கு வந்தார். ‘பச்சிளங்குழந்தைகளின் தொப்புள்கொடிப் பராமரிப்பில் குளோர்ஹெக்சிடினின் பயன்’ என்பது தலைப்பு. எதனோடு ஒப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. தரவு சேகரிப்பு பாதி முடிந்திருந்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தக் கிருமிநாசினி மருந்தைத் தடவியிருந்தார்கள். ஒப்பிட ஒரு குழுவே இல்லை. அந்த உழைப்பை எந்தத் தேடலாலும் மீட்டுத் தர முடியாது.

நோயாளர் யார், தலையீடு என்ன, ஒப்பீடு எது, விளைவு என்ன என்ற பிகோ முறையின் நான்கு கட்டங்களைத் தலைப்புக்கு முன்பே நிரப்பக் கேட்டிருந்தால் இது நேர்ந்திருக்காது. இந்தத் தலைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். நேபாளம், வங்கதேசம், பாகிஸ்தான் கிராமப்புறங்களில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது குளோர்ஹெக்சிடினால் குழந்தை இறப்பு குறைந்திருந்தது. ஜாம்பியாவிலும் தான்சானியாவின் பெம்பா தீவிலும் அப்படிக் குறையவில்லை. கொடியைச் சுத்தமாகவும் உலர்வாகவும் வைத்திருப்பதே போதும் என்பதும், தீங்கான பொருள்களைக் கொடியில் இடும் வழக்கமுள்ள இடங்களில்தான் இம்மருந்து வேண்டும் என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் 2022 பரிந்துரை. ஆகவே நம் மருத்துவமனையில் பிறந்த குழந்தை என்று எழுதியவுடனேயே கேள்வி வேறாகிவிடுகிறது. ‘பயன்’ என்ற சொல்லும் அப்படித்தான். தொற்று குறைவதை அளந்தால் மருந்துக்குச் சாதகமான விடை வரலாம். கொடி விழும் நாளை அளந்தால், மருந்து அதைத் தாமதப்படுத்துவதால், எதிரான விடை வரும்.

கட்டங்கள் நிரம்பினால் தேடலும் எளிது. ஒரே கருத்தின் சொற்களை OR-ஆலும் வெவ்வேறு கருத்துகளை AND-ஆலும் இணைத்தால் பப்மெட் தரவுத்தளத்துக்கு இது போதும்:

```
("Infant, Newborn"[Mesh] OR newborn*[tiab] OR neonat*[tiab])
AND ("Umbilical Cord"[Mesh] OR umbilic*[tiab])
AND ("Chlorhexidine"[Mesh] OR chlorhexidine[tiab])
```

ஒப்பீட்டையும் விளைவையும் இதில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. பல கட்டுரைகளின் சுருக்கத்தில் அவை குறிப்பிடப்படாமலே இருக்கும். சேர்த்தால் நல்ல ஆய்வுகள் நழுவிவிடும். கிடைத்தவற்றைச் சலிக்கும்போதுதான் அவ்விரண்டும் தேவை.

கண்காணிக்கும் ஆசிரியர்கள், நெறிமுறைக் குழு, இறுதித் தேர்வாளர்கள் என எல்லோரும் இம்மாணவியின் ஏட்டைத் தாண்டித்தான் போகிறார்கள். அடிப்படைக் கேள்வியைக் கடைசியில் இருப்பவர் கேட்கும் முறை எத்தனை ஆண்டுகளுக்குத் தொடர வேண்டும்? பருவ இறுதிக்குள் தலைப்பு வந்தாக வேண்டும் என்று நெருக்கும் குழு, கேள்வி வந்ததா என்று பார்ப்பதில்லை. மாணவர்கள்மீதும், அவர்களை நம்பிக் குழந்தைகளை ஒப்படைத்த தாய்மார்மீதும் இது இழைக்கப்படும் அநீதி என்றே கருதுகிறேன்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள்க. விண்ணப்பப் படிவத்தில் தலைப்புக்கான கோட்டுக்கு மேலே இந்த நான்கு கட்டங்களையும் சேர்க்குமாறும், ஒப்பீட்டுக் கட்டம் காலியாக வரும் விண்ணப்பத்தைக் காரணம் கேட்டுத் திருப்பி அனுப்புமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். அடுத்த அணியின் விண்ணப்பங்கள் வருமுன் இதைச் செய்தால், தேடலுக்கு மாணவர்களோடு அமர நூலகம் ஆயத்தமாக இருக்கும்.

இங்ஙனம்,
மருத்துவக் கல்லூரி நூலகர்