பீர் குளிர்ச்சி என்று எழுதிவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் கோடைக்கால உடல்நலப் பக்கத்தில், ‘பீர் உடம்புக்குக் குளிர்ச்சி, சிறுநீரைப் பெருக்கி யூரிக் அமிலத்தையும் வெளியேற்றிவிடும்’ என்று ஒரு வரி வந்திருக்கிறது. இருபது வருட வாசகன் நான். படித்ததும் மனது விட்டுப்போயிற்று.

இதே நம்பிக்கையில்தான் நான்கு வருடங்களுக்கு முன் பிராந்தியை விட்டு பீருக்கு மாறினேன். ஒரு சனிக்கிழமை இரவு இரண்டு பெரிய பாட்டில். விடியற்காலை மூன்று மணிக்கு வலது கால் பெருவிரலின் அடிமூட்டு சிவந்து வீங்கி, தொட்டால் கொதித்தது. மின்விசிறிக் காற்றில் போர்வை நுனி உரசியதற்கே அலறினேன். யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் கவுட் வலி அது.

சிறுநீர் அதிகம் போகும், சரி. யூரிக் அமிலம் அதோடு போகாது. மதுவைக் கல்லீரல் உடைக்கும்போது செல்களின் ஆற்றல் பொருளும் சிதைந்து யூரிக் அமிலமாகிறது. லாக்டிக் அமிலமும் கூடுகிறது. அது கூடினால் சிறுநீரகம் யூரிக் அமிலத்தை வெளியே விடாமல் ரத்தத்துக்கே திருப்பிவிடும். எந்த மதுவும் இதைச் செய்யும். பீரில் இதற்கு மேல் பியூரின் என்ற பொருளும் இருக்கிறது. அதுவும் உடம்புக்குள் யூரிக் அமிலமாகத்தான் முடியும்.

2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வு உங்களுக்குத் தெரியாததல்ல. சுமார் 47,000 ஆண்களை 12 ஆண்டுகள் கவனித்தார்கள். தினமும் குடிக்கும் ஒவ்வொரு 355 மில்லி பீருக்கும் கவுட் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 50 சதவீதம் கூடியது. விஸ்கி, பிராந்தி வகைக்கு ஒரு பெக்குக்கு 15 சதவீதம். நம் ஊர் பெரிய பாட்டில் 650 மில்லி! அதற்காக பிராந்தி பத்திரம் என்றில்லை. கவுட் வந்தவருக்கு எந்த மதுவும் வலியைக் கிளப்பும்.

இது முதல் தடவையும் அல்ல. முன்பு பருப்பும் கீரையும்தான் கவுட்டுக்குக் காரணம் என்று எழுதினீர்கள். என் மனைவி ஆறு மாதம் சாம்பாரே வைக்கவில்லை. பீரை நான் விடவில்லை, வலியும் மூன்று தடவை வந்தது. அப்போது எழுதிய கடிதத்துக்கு ஒரு வரி பதில் இல்லை.

அப்புறம், ‘ரத்தத்தில் யூரிக் அமில அளவு சரியாக இருந்தால் கவுட் இல்லை’ என்ற கேள்வி பதில். வலி வந்த அன்று எனக்கு 6.2 காட்டியது. சுளுக்கு என்று கட்டுப் போட்டு அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் 9.1. வலியின்போது அளவு இறங்கிக் காட்டக்கூடும். அடங்கி இரண்டு, மூன்று வாரம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். இதை எழுத உங்களுக்கு இடமில்லாமல் போயிற்றா?

நான் கேட்பது இரண்டு வரித் திருத்தம்தான். அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், இந்தக் கோடை முடிவதற்குள் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
திருச்சி.