பெயர் சூட்டும் பதிவேட்டைப் பற்றி டர்பன் வட்டாரத் தமிழ்க் கோயில் நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும் குருக்கள்மாருக்கும் வணக்கம்.

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் என்று நம் மக்கள் வாழும் ஊர்களில் பிள்ளைகள் கைதாகும்போது, குடும்பத்துக்குத் துணையாக நீதிமன்றத்துக்குப் போய்வருபவள் நான். "இவனுக்குப் பதினெட்டு ஆகிவிட்டதா?" என்ற ஒரே கேள்வியில் வழக்கின் போக்கே மாறுவதைப் பார்க்கிறேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் தாள் சில நேரம் உங்கள் கோயில் அலமாரியில்தான் இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

2008-ஆம் ஆண்டின் 75-ஆம் எண் சிறார் நீதிச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. கைதாகும் நாளில் பதினெட்டு நிறையாதவர் அதன் கீழ் வருவார். குற்றம் நடந்தபோது சிறுவனாக இருந்து, கைதாகும்போது பதினெட்டைத் தாண்டி இருபத்தொன்றை எட்டாதவரையும் அரசுத் தரப்பு வழக்கு இயக்குநர் விரும்பினால் இதற்குள் கொண்டுவரலாம். அது உரிமையாக வருவதில்லை. சிறார் என்றால் புரொபேஷன் அதிகாரி பிள்ளையைப் பார்த்து மதிப்பீடு செய்வார், 48 மணி நேரத்துக்குள் முதற்கட்ட விசாரணை நடக்கும், வழக்கைத் தண்டனைக்கு வெளியே திருப்பிவிடும் வழியும் திறக்கும். காவலில் வைத்தே ஆக வேண்டும் என்றாலும் பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது. அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவே அதைச் சொல்கிறது.

வயதில் சந்தேகம் வந்தால் புரொபேஷன் அதிகாரி பார்க்க வேண்டியவற்றைச் சட்டம் வரிசைப்படுத்துகிறது. முன்பே ஒரு மாஜிஸ்ட்ரேட் வயதைத் தீர்மானித்திருந்தால் அது முதலில் வரும். பெற்றோர், வயதை நேரடியாக அறிந்திருக்கக்கூடியவர்கள், பிள்ளை ஆகியோரின் வாக்குமூலம், பள்ளிப் பதிவு, சமயச் சான்றிதழ், மருத்துவரின் கணிப்பு எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. கடைசியில் முடிவெடுப்பவர் மாஜிஸ்ட்ரேட். போதிய சான்று இல்லையென்றால், தோற்றத்தைப் பார்த்தே வயதைக் கணிக்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 337-ஆம் பிரிவு இடம் தருகிறது. மீசை அரும்பி, தோள் அகன்ற பையனுக்கு அது எப்படி முடியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சிக்கல் எப்படி வருகிறது என்று ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். பெயர் வேண்டாம். 2025 ஜூன் 10, செவ்வாய்க்கிழமை மாலை ஒரு பையன் கைதாகிறான். பிறப்புச் சான்றிதழில் 2007 மார்ச் 9. அதன்படி அவனுக்குப் பதினெட்டு வயதும் மூன்று மாதமும். ஆனால் பாட்டி, "செப்டம்பரில் பிறந்த பிள்ளைம்மா" என்கிறார். செப்டம்பர் 9 என்றால் பதினேழு வயது, ஒன்பது மாதம்.

மார்ச் எப்படி வந்தது? பிறப்பை முப்பது நாளுக்குள் பதிய வேண்டும்; அந்தக் குடும்பம் பதியவில்லை. 2013-இல் முதல் வகுப்பில் சேர்க்கும் நேரம் வந்தபோதுதான் ஓடியது. அந்த ஆண்டு ஜூன் 30-க்குள் ஆறு வயது நிறையும் பிள்ளைக்குத்தான் இடம். செப்டம்பர் பிள்ளைக்கு ஒரு வருடம் போய்விடும் என்று தாமதப் பதிவில் மார்ச் என்று கொடுத்துவிட்டார்கள். செய்தது தவறு. என்றாலும் பள்ளியில் இடம் பிடிக்க அப்படிச் செய்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு, அதை மூடி மறைத்துப் பயனில்லை.

அரசுத் தரப்பு இப்போது மூன்று ஆவணங்களை நீட்டுகிறது: பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சேர்க்கைப் பதிவு, அடையாள அட்டை. மூன்றும் ஒத்துப்போகின்றன. ஆனால் பள்ளி அந்தத் தேதியைச் சான்றிதழைப் பார்த்து எழுதியது, அடையாள அட்டையும் அதே பதிவிலிருந்து வந்தது. மூன்று தாளும் ஒரே வாயிலிருந்து வந்தவை, ஆகவே சாட்சி ஒன்றுதான். நான் பார்த்தவரை இந்த இடத்தில்தான் வழக்குகள் வழுக்குகின்றன.

சரி, எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடாதா? இடது கை, மணிக்கட்டு எலும்புகளைப் படமெடுத்து, கிரூலிக்–பைல் படத்தொகுப்போடு ஒப்பிடுவது வழக்கம். அது அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1930-களை ஒட்டி வளர்ந்த, பெரும்பாலும் வசதியான வெள்ளைக்காரப் பிள்ளைகளின் படங்களைக் கொண்டு உருவானது. ஆண்பிள்ளைகளுக்கான கடைசிப் படம் பத்தொன்பது வயதுக்கு உரியது. பதினேழிலேயே எலும்பின் வளர்தட்டுகள் மூடிவிட்ட பையனும் அந்தக் கடைசிப் படத்தோடுதான் பொருந்துவான். முன்பின் இரண்டு வருட வித்தியாசம் சாதாரணம். ஆகவே "பத்தொன்பது" என்று அறிக்கை வந்தாலும் பதினேழே முக்கால் அதற்குள் அடங்கிவிடும். இந்தப் பையன் விஷயத்தில் எக்ஸ்ரே எதையும் தீர்க்காது.

தீர்க்கக்கூடியது பாட்டியின் பிஸ்கட் டின்னில் இருக்கும் கிளினிக் அட்டை. பிறந்த உடன் பிசிஜி ஊசி, போலியோ சொட்டு. அப்புறம் ஆறு, பத்து, பதினான்கு வாரத் தடுப்பூசிகள்: 2007 அக்டோபர் 23, நவம்பர் 20, டிசம்பர் 18. செப்டம்பர் 9-இலிருந்து எண்ணிப் பாருங்கள், ஒவ்வொன்றும் இரண்டு நாள் தள்ளி விழுகிறது. அக்டோபர் 23-இல் எடை 4.7 கிலோ. மார்ச்சில் பிறந்திருந்தால் அன்று அவனுக்கு ஏழரை மாதம். அந்த வயதுப் பையன் எட்டுக் கிலோவை ஒட்டி இருப்பான். பதினெட்டு வருடம் கழித்து வரப்போகும் வழக்கை நினைத்து எந்த நர்ஸும் எடையைக் குறைத்து எழுதுவதில்லை. தகராறு பிறப்பதற்கு முன்பே, அதில் எந்த லாபமும் இல்லாத ஒருவர் எழுதியது என்பதுதான் அதன் பலம்.

ஆனால் அட்டை ஒன்று மட்டும் இருந்தால், "யாருடைய அட்டை, எப்போது எழுதினது?" என்று கேட்பார்கள். வேறொரு வழியாக வந்த இரண்டாவது சாட்சி வேண்டும். அங்கேதான் நீங்கள் வருகிறீர்கள். பதினாறாம் நாள் பெயர் சூட்டினீர்களே, அந்தப் பதிவேட்டில் 2007 செப்டம்பர் 24 அல்லது 25-ஆம் தேதிக்குக் கீழே அந்தப் பெயர் இருந்தால், மேலும் கீழும் வேறு குடும்பங்களின் பெயர்களும் வரிசையாக இருந்தால், அந்தப் பக்கத்தை அசைப்பது கடினம்.

இப்போது நடப்பதோ வேறு. குடும்பம் ஓடிவந்து கேட்கிறது. இரக்கப்பட்டு, கோயில் முத்திரையோடு "இந்தப் பிள்ளை இந்தத் தேதியில் பிறந்தது" என்று புதிதாகக் கடிதம் எழுதிக் கொடுக்கிறீர்கள். கைதுக்குப் பின் தேதியிட்ட அந்தக் கடிதத்துக்கு மாஜிஸ்ட்ரேட் அநேகமாக மதிப்புத் தரமாட்டார். அது உண்மையான பதிவின் மேலும் சந்தேகத்தை இழுத்துவரும். தயவுசெய்து அப்படிக் கொடுக்காதீர்கள்.

பக்க எண் அச்சிட்ட, தைத்த நோட்டில் பதியுங்கள். தனித்தாளும் கம்ப்யூட்டர் பட்டியலும் போதாது. சடங்கு நடந்த தேதி, பெற்றோர் சொன்ன பிறந்த தேதி, தகவல் சொன்னவர் பெயர், எழுதியவர் கையெழுத்து இருக்கட்டும். சான்றிதழைப் பார்த்து எழுதினால் அதையும் குறிப்பிடுங்கள். பழைய நோட்டுகளைக் குழு மாறும்போது வெளியே போட்டுவிடாதீர்கள். பிள்ளை கைதானால் நகல் மட்டும் போதாது. அந்தப் பக்கத்தின் நகலோடு, இது எங்கள் பதிவேடு, இன்னார் பொறுப்பில் தொடர்ந்து இருந்தது என்ற சத்தியப் பிரமாண வாக்குமூலமும் வேண்டும். மூல நோட்டை நீதிமன்றத்துக்குக் கொண்டுவர ஓர் ஆளும் வேண்டும். 48 மணி நேரம்தான் என்பதால் அலமாரிச் சாவி யாரிடம், அவர் ஊரில் இல்லாவிட்டால் வேறு யார் என்பதையும் எழுதி வையுங்கள்.

நோட்டில் இருப்பது குடும்பத்துக்கு எதிராக இருந்தாலும் கேட்டால் கொடுக்க வேண்டும். ஒரு தடவை மறைத்தது தெரிந்தால், அடுத்த பிள்ளைக்காக நீங்கள் கொண்டுவரும் பக்கத்தை யாரும் நம்பமாட்டார்கள்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். நோட்டில் என்னென்ன பத்திகள் வேண்டும் என்பதை உட்கார்ந்து சேர்ந்து தீர்மானிக்க நான் எந்தக் கோயிலுக்கும் வருவேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒருத்தி
சாட்ஸ்வொர்த், டர்பன்