எங்கள் ஜாதகத்தை வைத்தே சொல்கிறேன்

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது.

உன் கட்டுரையில், மேல்நாட்டு ராசிச் சக்கரம் நம்முடையதிலிருந்து 24 பாகை தள்ளியிருப்பதால்தான் நம்மூர்ப் பொருத்தமும் மேல்நாட்டுப் பொருத்தமும் வேறு வேறாக வருகிறது என்று எழுதியிருந்தாய். அது மட்டும் காரணமில்லை கண்ணு. என் ஜாதகத்தையும் அப்பா ஜாதகத்தையும் வைத்தே பார்.

எனக்கு ரோகிணி, சந்திரன் ரிஷபத்தில் 20 பாகை. அப்பாவுக்கு அஸ்தம், கன்னியில் 23. இடைவெளி 123. மேல்நாட்டுக் கணக்குக்கு இரண்டிலும் 24 கூட்டினால் நான் மிதுனம் 14, அப்பா துலாம் 17. ராசிப் பெயர் மாறியது, இடைவெளி மாறவில்லை. ஆக, அயனாம்சம் எனும் அந்த 24 பாகை வித்தியாசம் இங்கே கழிந்துபோகிறது.

அந்த 123ஐ எப்படிப் படிக்கிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மேல்நாட்டில் 120 பாகையை ஒட்டி இரண்டு சந்திரன்கள் இருந்தால் திரிகோணம், மனசு ஒத்துப்போகும் என்பார்கள். சூரிய சந்திரர்கள் இருவர் ஜாதகத்திலும் இணக்கமாக இருந்தால் மணம் நிலைக்கும் என்று 2ஆம் நூற்றாண்டிலேயே தாலமி என்ற கிரேக்க அறிஞர் எழுதியிருக்கிறார்.

நம்மூரில் ஜோசியர் கோணத்தை அளக்கவில்லை, நட்சத்திரம் ரஜ்ஜு எனும் வகுப்புகளில் எதில் விழுகிறது என்று பார்த்தார்; இருவரும் ஒரே ரஜ்ஜுவில் இருந்தால் பொருந்தாது. ரோகிணியும் அஸ்தமும் கண்ட ரஜ்ஜு, அதாவது கழுத்து ரஜ்ஜு. "ரஜ்ஜு தட்டுதும்மா, பொண்ணுக்கு ஆகாது" என்று ஜாதகத்தை மூடிவிட்டார். கழுத்து ரஜ்ஜு மனைவிக்குக் கேடு என்பது சாஸ்திரம். பாட்டி அன்றைக்கு அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை.

இதைக் குறித்துக்கொள்: ஒரு நட்சத்திரம் 13 பாகை 20 கலை. ஒன்பது நட்சத்திரம் சரியாக 120 பாகை. ஒன்பது தள்ளி வரும் நட்சத்திரங்கள் எப்போதும் ஒரே ரஜ்ஜுவில்தான் விழும். அசுவினி, மகம், மூலம் மூன்றும் பாத ரஜ்ஜு, எண்ணிப் பார். அங்கே கொண்டாடும் கோணமேதான் இங்கே தட்டும் ரஜ்ஜு.

இன்னொன்று. அப்பா ஒரு மணி நேரம் தாமதமாகப் பிறந்திருந்தால் சந்திரன் அரைப் பாகை நகர்ந்து சித்திரைக்குப் போயிருக்கும். சித்திரை வேறு வகுப்பு, சிரோ ரஜ்ஜு; ரோகிணியோடு தட்டாது, தோஷமே இல்லை. மேல்நாட்டு ஜோசியருக்கு 123 என்பது 123.5 ஆகும், அவ்வளவுதான். நம்முடையது கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கேட்கிறது, அவர்களுடையது எவ்வளவு நெருக்கம் என்று கேட்கிறது. முகம் பார்க்காத வரன்களில் வேண்டாததைக் கழிக்க நமக்கு வெட்டொன்று துண்டிரண்டாகப் பதில் வேண்டியிருந்தது. அங்கே பெரும்பாலும் பழகிய இருவர் வந்து உட்காருகிறார்கள். அதனால் சுக்கிரன், செவ்வாய், சனி எல்லாம் எதிராளியின் கிரகங்களோடு என்ன கோணம் என்று பார்த்து, எங்கே ஒட்டும் எங்கே உரசும் என்று விவரிப்பார்கள். பத்துக்கு எத்தனை என்ற கணக்கு கிடையாது.

இரண்டுமே சோதித்து நிரூபித்தவை அல்ல என்பதையும் கட்டுரையில் எழுது. மூலையில் மஞ்சள் தடவிய அந்த இரண்டு ஜாதகமும் பீரோவில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை படமெடுத்து அனுப்புகிறேன். கட்டங்களை நீயே ஒருமுறை எண்ணிப் பார்.

அன்புடன்,
அம்மா